உப்பளக் கரையிலிருந்து ஒரு வணக்கம்

கல்லூரிக் கலைவிழாவில் தொகுப்பாளரின் முதல் வணக்கம் அரை நிமிடச் சமாச்சாரம்தான். அதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது.

தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. அது முடிந்ததும் எல்லோரும் உட்கார, நாற்காலிகள் கரகரக்கும். அந்தச் சத்தம் அடங்குமுன் வாய் திறந்தால் முதல் வரி வீணாகிவிடும். மைக்கைப் பிடித்தபடி சற்றே நிற்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, விருந்தினர் பட்டியல். பட்டம் பதவியோடு பெயர்களை அடுக்குவது வரவேற்புரையாளரின் வேலை. தொகுப்பாளரும் அதையே செய்தால், அவருக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது. "மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்க்கும், எதிரே அமர்ந்திருக்கும் தோழமைக்கும் வணக்கம்" என்றால் போதும்.

அதன்பின் ஊர் மணக்கும் ஒரு வரி. மரக்காணத்து மாணவி என்றால் இப்படிச் சொல்லலாம்: "சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம் என்று பாடியது எங்கள் ஊரைத்தான் என்பார்கள். பாத்தியில் உப்பு விளைய வெயில் வேண்டும். இந்த மேடையில் கலை விளைய உங்கள் கைத்தட்டல் வேண்டும்!"

கைத்தட்டல் எழும். அது தணியத் தொடங்கும்போதே முதல் நிகழ்ச்சியை அறிவித்துவிட வேண்டும். இன்னொரு சிலேடைக்கு ஆசைப்பட்டால் உப்பு கரித்துவிடும்.