சராசரிக்குள் மறைந்த தமிழ் வரிசை

காலை ஒன்பது மணி ஆனதும் எங்கள் அறையில் எல்லா போனும் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கும் ஒரு மருத்துவமனையின் முன்பதிவு அறை இது. டாக்டரைப் பார்ப்பதற்கான டோக்கன் ஒன்பதுக்குத் திறக்கும். அழைப்பவர் ஒன்றை அமுக்கினால் மலையாள வரிசை, இரண்டை அமுக்கினால் தமிழ் வரிசை. களியக்காவிளை, குழித்துறைப் பக்கத்துக்காரர்கள் மட்டும்தான் தமிழ் வரிசைக்கு வருவார்கள் என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் நினைப்பதுண்டு. ஆனால் 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. இங்குள்ள கிராமங்களில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உடம்புக்கு முடியாதபோது அவர்களுக்கு வாயில் வருவது தமிழ்தான்.

எந்த நேரத்துக்கு எத்தனை பேரை போனில் உட்கார வைப்பது என்று ஷிஃப்ட் போடுவது என் வேலை. அதற்காக மூன்று மாதமாக ஒரு டேஷ்போர்டைப் பயன்படுத்தி வருகிறேன். அழைப்புகளைப் பிரித்து அனுப்புவது ஆஸ்டரிஸ்க். அது ஒவ்வொரு அழைப்பையும் queue_log என்ற பதிவில் எழுதிவைக்கும். அந்தப் பதிவை மைஎஸ்கியூஎல் அட்டவணைக்குள் விட்டு, கிராஃபானாவில் படமாக்கி, சுவரில் இருக்கும் டிவியில் காட்டுகிறோம். மூன்றுமே ஓபன் சோர்ஸ் என்பதால் லைசென்ஸ் கட்டணம் இல்லை. பலகையில் மூன்று கட்டங்கள் உண்டு: மணிக்கு எத்தனை அழைப்பு வந்தது, சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், சர்வீஸ் லெவல் என்ன. சர்வீஸ் லெவல் என்பது குறித்த வினாடிக்குள் எடுக்கப்பட்ட அழைப்புகளின் சதவீதம். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவைக்கு டிராய் வைத்திருக்கும் அளவு, 90 வினாடிக்குள் 95 சதவீதம். கால் சென்டர்களில் பரவலாகப் புழங்குவது 20 வினாடிக்குள் 80 சதவீதம் என்ற அளவு. நாங்களும் அதைத்தான் வைத்திருக்கிறோம்.

முதல் வாரமே மணிவாரிப் படம் என்னைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோனது. உச்சம் எட்டரைக்குத் தொடங்குவதாகக் காட்டியது. அதை நம்பி இரண்டு பேரை அரை மணி முன்னதாக வரச் சொன்னேன். ஒன்பது வரை போன் அடிக்கவே இல்லை, இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். காரணம், கிராஃபானாவின் நேரக் குழு யூனிக்ஸ் நேரத்தை 3600 வினாடிகளாக வெட்டுகிறது. அந்த வெட்டு உலகப் பொது நேரத்தின் மணிகளில் விழும். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால், நமக்கு ஒவ்வொரு வெட்டும் அரை மணியில் விழுகிறது. எட்டரை முதல் ஒன்பதரை வரை ஒரே கம்பம். அதன் முதல் பாதி காலி, பின்பாதியில் மொத்தக் கூட்டமும் நிற்கிறது. படத்தில் கம்பங்கள் எல்லாம் 8:30, 9:30 என்றே தொடங்கினால் உங்கள் பலகையிலும் இதே கோளாறு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். மணிக்குப் பதில் அரை மணியாக வெட்டினால் சரியாகிவிடும், ஏனென்றால் ஐந்தரை மணி அரை மணியால் மீதமின்றி வகுபடும். இப்போது எங்களிடம் இருக்கும் வினவல் இது:

```
SELECT
  $__timeGroup(time, '30m') AS time,
  queuename AS metric,
  COUNT(*) AS value
FROM queue_log
WHERE event = 'ENTERQUEUE'
  AND $__timeFilter(time)
GROUP BY 1, 2
ORDER BY 1
```

ஆள் போடுவதற்கும் அரை மணிக் கணக்குதான் நல்லது. ஒரு மணி நேரத்துக்குள் கூட்டம் ஏறி இறங்கிவிடுகிறது.

சர்வீஸ் லெவல் கட்டத்தில் வேறொரு சிக்கல். அந்த எண்ணை ஆரம்பத்தில் ஆஸ்டரிஸ்கின் `queue show` கட்டளையிலிருந்து அப்படியே எடுத்துக் காட்டினோம். அதில் SL என்று வரும் சதவீதம், எடுத்துப் பேசிய அழைப்புகளை மட்டுமே கணக்கில் கொள்கிறது. காத்திருந்து சலித்து வைத்துவிட்டவர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. நூறு பேர் கூப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். 60 பேரை 20 வினாடிக்குள் எடுத்தோம், 15 பேரைத் தாமதமாக எடுத்தோம், 25 பேர் வைத்துவிட்டார்கள். SL அறுபதை எழுபத்தைந்தால் வகுத்து 80 சதவீதம் என்று பச்சை விளக்குப் போடும். உண்மையில் நூறில் அறுபது பேருக்குத்தான் உடனே பதில் கிடைத்தது. புதிய பதிப்புகளில் SL2 என்று இன்னொரு எண்ணும் வருகிறது. அது வைத்துவிட்டவர்களையும் சேர்த்து வகுக்கும், ஆனால் 20 வினாடிக்குள்ளேயே வைத்துவிட்டவர்களைச் சேவை பெற்றவர்களாக எண்ணிக்கொள்ளும். நான் இரண்டையும் விட்டுவிட்டு, CONNECT நிகழ்வுகளில் காத்திருப்பு 20 வினாடிக்குள் இருப்பவற்றை எண்ணி, மொத்த ENTERQUEUE எண்ணிக்கையால் வகுக்கிறேன். விளக்கு அடிக்கடி சிவப்பாகிறது, ஆனால் அதை நம்பலாம்.

காத்திருப்பு நேரக் கட்டமும் அதே கட்டளையின் holdtime எண்ணில் ஓடியது. அது அன்றைய சராசரி அல்ல. ஒவ்வொரு அழைப்புக்கும் பழைய மதிப்பில் முக்கால் பங்கும் புதியதில் கால் பங்கும் சேர்த்து ஓடும் எண் அது. கடைசி நான்கைந்து அழைப்புகள் சீக்கிரம் எடுக்கப்பட்டால் காலை முழுக்க நடந்த அவதியின் பெரும்பகுதி அதிலிருந்து மறைந்துவிடும். டிவியில் இந்த நிமிட நிலவரம் பார்க்க அது போதும், ஷிஃப்ட் போட உதவாது.

இவை எல்லாம் சரியான பிறகும் ஒரு புகார் தீரவில்லை. தமிழ் வரிசையில் உட்காரும் பெண் ஒருநாள் என் மேசைக்கு வந்து, “அண்ணா, தமிழ் லைன்ல எடுத்த உடனே ஏச்சுதான் விழுது. பாட்டு கேட்டுக் கேட்டுச் சடைஞ்சாச்சுன்னு சொல்லுதாவ” என்றாள். பலகையைப் பார்த்தேன். சர்வீஸ் லெவல் 80ஐச் சற்றே தொடாமல் நின்றது. அவ்வளவு ஏச்சு வரும்படி எதுவும் தெரியவில்லை. அன்று மாலை இரண்டு வரிசைகளையும் தனித்தனியாகப் பிரித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

எங்கள் உச்ச அரை மணியை முழு எண்களில் சொல்கிறேன். மலையாளத்தில் 36 அழைப்பு, தமிழில் 12. பேசுவதும் பேசி முடித்துப் பதிவேற்றுவதும் சேர்த்து அழைப்புக்கு நான்கு நிமிடம். பத்துப் பேரில் எட்டுப் பேர் மலையாளத்தில், இரண்டு பேர் தமிழில். அழைப்பு நான்கில் ஒரு பங்கு, ஆள் ஐந்தில் ஒரு பங்கு என்பதால் நியாயமான பிரிவு போலத்தான் தோன்றியது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்த ஏ.கே. எர்லாங் 1917இல் வெளியிட்ட காத்திருப்புச் சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டுப் பார்த்தேன். மலையாள வரிசையில் 20 வினாடிக்குள் பதில் கிடைப்பது 89 சதவீதம், சராசரிக் காத்திருப்பு 10 வினாடி. தமிழ் வரிசையில் 31 சதவீதம், காத்திருப்பு ஏழு நிமிடம். இரண்டையும் சேர்த்தால் 75 சதவீதம். பலகை காட்டியது இந்தக் கடைசி எண்ணை மட்டும்தான்.

ஒருவரை மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாற்றினால் என்ன ஆகும்? மலையாளம் 77 சதவீதம், தமிழ் 76 சதவீதம். தமிழ் வரிசையின் காத்திருப்பு ஏழு நிமிடத்திலிருந்து 47 வினாடிக்கு இறங்குகிறது. மலையாளத்தில் 10 வினாடி 30 ஆகிறது. ஆனால் மொத்த எண் 75இலிருந்து சுமார் 77க்குத்தான் நகர்கிறது. சிறிய வரிசைக்கு ஒரு ஆள் கூடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மொத்த எண்ணைப் பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வரிசையில் இருவரும் பேச்சில் மாட்டிக்கொண்டால், மூன்றாவதாக வருகிறவர் யாராவது ஒருவர் முடிக்கும் வரை நின்றே ஆக வேண்டும். எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் யாரோ ஒருவர் எப்போதும் முடித்துக்கொண்டிருப்பார்.

எல்லைக் கிராமத்துக்கு இதைவிட நல்ல வழி ஒன்று கையிலேயே இருக்கிறது. எங்கள் பத்துப் பேரில் பாதிப் பேர் இரண்டு மொழியிலும் தடையில்லாமல் பேசுவார்கள். ஆஸ்டரிஸ்கில் ஒருவரை இரண்டு வரிசையிலும் சேர்க்கலாம். பத்துப் பேரும் இரு மொழிக்காரர்களாக இருந்து ஒரே குழுவாக 48 அழைப்பையும் எடுத்தால், அதே சூத்திரம் 89 சதவீதம், பத்து வினாடிக்குள் காத்திருப்பு என்று சொல்கிறது. ஆள் ஒருவர்கூடக் கூடவில்லை. எங்களிடம் பாதிப் பேர்தான் அப்படி என்பதால் முழுப் பலன் கிடைக்காது, பெரும்பகுதி கிடைக்கும். மலையாளம் புரிகிற தமிழர், தமிழ் புரிகிற மலையாளி எல்லாரையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மூலம், மாதவிடாய், மூச்சுத்திணறல் பற்றிக் கூப்பிடுகிறவரிடம் தட்டுத் தடுமாறிப் பேசினால் நான்கு நிமிடம் ஏழு நிமிடமாகும், இருக்கும் பலனும் போய்விடும்.

எர்லாங் சூத்திரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. யாரும் போனை வைக்க மாட்டார்கள், எல்லாரும் கடைசி வரை காத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டுதான் அது கணக்குப் போடுகிறது. நிஜத்தில் ஏழு நிமிடம் யாரும் நிற்பதில்லை. இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டு மறுபடி அடிக்கிறார்கள். அதனால் காத்திருப்பு எண் கொஞ்சம் குறையும், அழைப்பு எண்ணிக்கை வீங்கும். 12 அழைப்பு என்பது எட்டு ஒன்பது பேராகவே இருக்கலாம். அதே எண்ணிலிருந்து பத்து நிமிடத்துக்குள் வந்த இரண்டாவது அழைப்பைத் தனியாக எண்ணினால் இது பிடிபடும். ENTERQUEUE பதிவிலேயே அழைப்பவரின் எண் இருக்கிறது. இந்த எண்ணிக்கை கூடும் நாளில், முந்தைய வாரத்தின் அழைப்பு அளவை வைத்து ஆள் போடாதீர்கள். முதலில் ஆளைக் கூட்டிப் பாருங்கள், அழைப்பு தானாகவே குறையும்.

பத்துப் பேர் அளவுள்ள அறைக்கு இந்தப் பலகையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரு பழைய கணினியும் எஸ்கியூஎல் தெரிந்த ஒருவரும் போதும். நிறுவிய கையோடு அரை மணி வெட்டையும் வைத்துவிட்டவர் கணக்கையும் சரிசெய்யுங்கள், ஒவ்வொரு மொழிக்கும் தனிக் கட்டம் வையுங்கள். எங்கள் டிவியில் இப்போது மொத்தச் சதவீதம் இல்லை. இரண்டு வரிசையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்பது முதல் பத்தரை வரை தமிழ் வரிசைக்கென்று மூன்று பேர் உட்காருகிறார்கள்.