பதினாறு என்று அச்சடித்தால் பதினாறு

திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2023 ஆகஸ்டில் அளித்த ஒரு தீர்ப்பைப் பலர் வேடிக்கைச் செய்தியாகவே படித்தார்கள். ஒருவர் மணலியில் ஒரு கடையில் ஐ.டி.சி.யின் சன்ஃபீஸ்ட் மேரி லைட் பாக்கெட்டுகள் வாங்கினார். உறையில் 16 பிஸ்கட் என்று போட்டிருந்தது. உள்ளே 15தான் இருந்தன. நிறுவனத்துக்கு விழுந்தது 1 லட்சம் ரூபாய் இழப்பீடு, வழக்குச் செலவு 10,000.

நிறுவனத்தின் வாதம் லேசானதல்ல. நாங்கள் எண்ணி விற்பதில்லை, எடைக்குத்தான் விற்கிறோம் என்றது. உறையில் 76 கிராம். பிஸ்கட்டை எடை போட்டால் 74. இந்த அளவுப் பாக்கெட்டில் 4.5 கிராம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்கின்றன 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகள். அந்தச் சலுகை ஆவியாகிக் குறையும் பண்டங்களுக்குத்தான், பிஸ்கட்டுக்கு இல்லை என்றது ஆணையம். எனக்கு இந்தக் காரணம் சற்றுப் பலவீனமாகவே படுகிறது. விதிகளில் உள்ள வித்தியாச அட்டவணை எடையை வைத்துப் போடப்பட்டது. இன்னொரு காரணம்தான் அசைக்க முடியாதது: வாங்குகிறவர் உறையில் உள்ள எண்ணிக்கையை நம்பித்தான் வாங்குகிறார். எடைக்கு விற்பவர் எண்ணிக்கையை அச்சடிக்காமலே இருந்திருக்கலாமே.

பிஸ்கட்டை எண்ணிவிடலாம். தள்ளுபடியை எப்படி எண்ணுவது? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தீபாவளி போனஸ் வரும் நாட்களில் ஒரு கடை, 2,400 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட குக்கரை ‘இன்று மட்டும் பாதி விலை’ என்று 1,200க்குத் தருவதாக வைத்துக்கொள்வோம். அதே குக்கர் ஆண்டு முழுக்க 1,300க்குப் போனதென்றால், உண்மையில் குறைந்தது 100 ரூபாய். எட்டு சதவீதம்கூட இல்லை. எம்.ஆர்.பி.யைத் தாண்டி விற்கக்கூடாது என்பதில் சட்டம் கறார். ஆனால் அந்த விலையைப் போடுவது தயாரிப்பாளர்தான். வழக்கமாக விற்கும் விலைக்குப் பக்கத்தில் அது இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாதி விலைப் பலகை பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

விதிகள் வாய்மூடி இருக்கவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்படி, சலுகை விலையை விளம்பரம் செய்பவரிடம் போதிய சரக்கு இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ‘இரண்டே பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதை 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆனால் அது குறிவைப்பது திரையில் நடக்கும் தந்திரங்களை. கடைவாசல் ஒலிபெருக்கிக்கு அது எட்டாது. (அவசரம் காட்டுவதே குற்றமும் இல்லை. பருவம் முடிந்த துணியை உண்மையிலேயே கழித்துவிட நினைப்பவர் கடைசித் தேதி சொல்வது வாங்குபவருக்கும் நல்லதுதான்.)

ஆக, சிக்கல் சாட்சியத்தில்தான். பிஸ்கட் வாங்கியவர் கையில் பாக்கெட்டே சாட்சியாக இருந்தது. குக்கர் வாங்குபவருக்கோ போன மாத விலை வேண்டும்: பழைய பில், விலைச்சீட்டின் படம், ஏதோ ஒன்று. 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். ஆனால் அந்தப் பழைய பில்லைக் கடைக்காரர் தானாக எடுத்துத் தரமாட்டார்.