சான்றிதழ்ப் படத்தின் கீழ் நான்கு வரி

கோவையில் சப்மெர்சிபிள் மோட்டார் செய்யும் ஒரு சிறு கம்பெனிக்கு ஐ.எஸ்.ஐ. உரிமம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேம் போட்ட சான்றிதழோடு முதலாளியும் தொழிலாளர்களும் நிற்கும் படம் ஒன்று வெளியாகும். அதன் கீழே பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்கள்: “எங்கள் நிறுவனம் ஐ.எஸ்.ஐ. தரச்சான்று பெற்றுள்ளது. உலகத் தரம், முழு உத்தரவாதம். இனி கவலையின்றி வாங்கலாம்.”

முதல் வாக்கியத்திலேயே சறுக்கல். உரிமம் கம்பெனியின் பெயரில் இருந்தாலும், அது செல்லுவது குறிப்பிட்ட பொருளுக்கு மட்டும். அதுவும் குறிப்பிட்ட தொழிற்கூடத்தில் செய்தால் மட்டும். போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிள் பம்ப்செட்டுக்கான தரம் IS 8034. திறந்த கிணற்றுக்குள் போடும் ஓப்பன்வெல் பம்ப்செட்டுக்கு IS 14220. முதலாவதற்கு வாங்கிய உரிமம் இரண்டாவதற்கு உதவாது. ஒரே தரத்துக்குள்ளும் உரிமத்தில் சேர்க்கப்பட்ட ரகங்களுக்குத்தான் முத்திரை உண்டு. “நிறுவனம் சான்று பெற்றது” என்று படிக்கும் விவசாயி, அந்தக் கம்பெனியின் எல்லா மோட்டாரும் சான்று பெற்றவை என்றுதான் எடுத்துக்கொள்வார். படக்குறிப்பின் பெரிய குற்றம் இதுதான்.

“உலகத் தரம்” என்பதைத் தாராளமாக நீக்கிவிடலாம். ஐ.எஸ்.ஓ. 9001 பெற்றவர்களும் இதே சொல்லைப் போடுகிறார்கள். அது வேலை நடக்கும் முறைக்கான சான்று, பொருளுக்கான சான்று அல்ல. இரண்டையும் ஒரே படத்தில் கலப்பது வாங்குபவரைக் குழப்பும்.

“முழு உத்தரவாதம்” என்பதைத்தான் நிதானமாக எடைபோட வேண்டும். உரிமம் தருமுன் பி.ஐ.எஸ். அதிகாரி தொழிற்கூடத்துக்கு நேரில் வருகிறார், மாதிரி சோதிக்கப்படுகிறது. அதன்பின் கம்பெனி தானே சோதனைகள் செய்து பதிவேடு வைக்க வேண்டும். தொழிற்கூடத்திலிருந்தும் சந்தையிலிருந்தும் பி.ஐ.எஸ். மாதிரி எடுக்கும். ஒவ்வொரு மோட்டாரையும் அரசு சோதித்து அனுப்புவதில்லை. ஆனால் இன்னொன்று உண்டு: முத்திரையிட்ட பொருள் தரத்துக்கு ஒத்துவரவில்லை என்றால், 2016ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். சட்டப்படி வாங்கியவர் இழப்பீடு கோரலாம். வாங்குபவருக்கு இவ்வளவு பயனுள்ள செய்தி இருக்க, அதைச் சொல்லாமல் வெறும் “உத்தரவாதம்” என்று முடிப்பது வீண்.

முத்திரை எதைக் காக்காது என்பதையும் பார்க்க வேண்டும். நேம்பிளேட்டில் 5 எச்.பி., ஹெட் 60 மீட்டர், விநாடிக்கு 4 லிட்டர் என்று இருக்கிறது. சோதனையில் அது உண்மைதான் என்று தெரிந்தது, அவ்வளவுதான். தண்ணீர் 350 அடிக்குக் கீழே போன போரில் இதை இறக்கினால், தண்ணீர் மேலே வருவதே கடினம். தண்ணீர் 80 அடியிலேயே நிற்கும் போரில் இறக்கினால், ஹெட் குறைந்து பம்ப் அளவுக்கு மீறித் தள்ளும், ஆம்பியர் ஏறும், நாளடைவில் காயில் எரியும். மோட்டார் தரமானதுதான், போருக்குப் பொருந்தவில்லை. “கவலையின்றி வாங்கலாம்” என்ற வரி அந்த விவசாயியைப் போரை அளக்காமலே கடைக்கு அனுப்புகிறது. வாரண்டி சண்டைகள் பலவும் தொடங்குவது இங்கேதான்.

நான் எழுதினால் படக்குறிப்பு இப்படி இருக்கும்: “எங்கள் 5 எச்.பி. போர்வெல் சப்மெர்சிபிள் பம்ப்செட்டுக்கு IS 8034 தரப்படி ஐ.எஸ்.ஐ. உரிமம் கிடைத்துள்ளது. மற்ற ரகங்களுக்கு இன்னும் இல்லை. நேம்பிளேட்டில் உள்ள ஹெட்டும் தண்ணீர் அளவும் சோதிக்கப்பட்டவை. உங்கள் போரின் தண்ணீர் மட்டத்தைச் சொல்லி ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.” அதோடு CM/L எண். படத்தில் சான்றிதழைவிட முத்திரை தெளிவாகத் தெரியும் நேம்பிளேட் இருப்பது நல்லது. வாங்குபவர் கடையில் தேடப்போவது அதைத்தான்.

“மற்ற ரகங்களுக்கு இன்னும் இல்லை” என்று எழுதினால் வியாபாரம் கெடும் என்று டீலர்கள் சொல்லக்கூடும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. போட்டியாளர் யாரும் அப்படி எழுதுவதில்லை. ஆனால் 3 எச்.பி. மோட்டாரை வாங்கிப்போனவர் வீட்டில் பெட்டியைப் பிரித்து முத்திரையைத் தேடி, அது இல்லை என்று கண்டால், உரிமம் உள்ள ரகத்தின் பேரும் சேர்ந்து கெடும். இந்த வரி இருக்கத்தான் வேண்டும்.

ஆக, வழக்கமான படக்குறிப்பு தேறவில்லை. கம்பெனி பொய் சொன்னது என்பதால் அல்ல; வாங்குபவர் சரிபார்க்கக்கூடிய ஒரு விவரம்கூட அதில் இல்லை என்பதால். உரிமம் நிரந்தரமும் அல்ல, காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் வாங்கப் போகிறவர்கள் முத்திரைக்குக் கீழே உள்ள CM/L எண்ணை BIS CARE செயலியில் போட்டுப் பாருங்கள். உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்று நடப்பில் உள்ளதா என்று அங்கே தெரிந்துவிடும்.