ஒரே புதன், இரண்டு ராசி

ஒருவர் எப்படி யோசிக்கிறார், எப்படிப் பேசுகிறார், எந்த வழியில் சொன்னால் அவருக்குப் பாடம் ஏறும் என்பதை மேற்கத்தேயச் சோதிடர்கள் புதன் நின்ற ராசியைக் கொண்டு சொல்வார்கள். இதன் நிறைகுறையை எடைபோட, பூண்டுலோயாப் பக்கத்து மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914 செப்டெம்பர் 14 அன்று பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையின் சாதகத்தை எடுத்துக்கொள்வோம்.

புதன் ராசியை அறியப் பிறந்த நேரம் தேவையில்லை. லக்கினம் ஒரு மணித்தியாலத்தில் ஏறக்குறைய அரை ராசி நகர்ந்துவிடும். புதனோ ஒரு நாள் முழுக்க ஓடினாலும் இரண்டு பாகையளவுதான் போகும். லயத்தில் பிறந்து, நேரம் குறித்து வைக்காத பிள்ளைக்கும் தேதி சரியாக இருந்தால், ராசி மாறும் நாள் தவிர, புதன் ராசி கிடைத்துவிடும். இது இம்முறையின் வசதி.

வேலுப்பிள்ளை பிறந்த அன்று மேற்கத்தேயக் கணக்கில் புதன் துலாத்தில் சுமார் 3 பாகையில் நின்றது. இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்க்கும் யோசனை, இணக்கமான பேச்சு, பிறரோடு உரையாடிக் கற்பது என்பவை துலாப் புதனின் பலன். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்று தோட்ட மக்களுக்காகப் பேசியவருக்கு இது பொருந்துகிறது. நம்மூர்ச் சோதிடர் அதே புதனுக்கு அயனாம்சம் ஏறத்தாழ 22½ பாகையைக் கழிப்பார். புதன் கன்னிக்கு வந்து உச்சம் பெற்றுவிடும். கன்னிப் புதனுக்கு நுணுக்கமும் தேடித் தொகுக்கும் குணமும் சொல்வார்கள். மலையகத்து நாட்டார் பாடல்களைத் தொகுத்த வேலுப்பிள்ளைக்கு இதுவும் பொருந்துகிறது.

குறை இங்கேதான் வெளிப்படுகிறது. எந்த ராசியில் வைத்தாலும் பொருந்துகிற பலன், ஆளை அடையாளம் காட்டுவதில்லை. வாழ்க்கையை முன்பே அறிந்துகொண்டு அதற்கேற்ற வரியை நாமே பொறுக்கி எடுக்கிறோம்.

மற்றொரு குறையும் உண்டு. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. செப்டெம்பர் நடுவில் பிறந்த எவருக்கும் மேற்கத்தேயக் கணக்கில் சிம்மம், கன்னி, துலாம் என்ற மூன்றில் ஒன்றுதான் புதன் ராசி. ஒரு ராசியில் அது சாதாரணமாக மூன்று வாரம் இருக்கும். வக்கிரமானால் இரண்டு மாதம்வரை தங்கும். அந்த நாட்களில் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரியா படிக்கிறார்கள்?

ஷான் கார்ல்சன் 1985இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனை முழுச் சாதகத்தையும் பற்றியது. பங்கேற்றவர்களிடம் மூன்று பலன்களில் தம்முடையது எதுவென்று எடுக்கச் சொன்னபோது, குருட்டாம்போக்கில் எடுத்தால் கிடைக்கும் அளவைவிட மேலாக அவர்கள் தேறவில்லை. புதன் பலனையும் இப்படியே வீட்டில் சோதிக்கலாம்: மூன்று ராசிப் பலன்களையும் பெயர் நீக்கிக் கொடுத்துப் பாருங்கள்.

இருந்தும், யோசனை, பேச்சு, கற்றல் மூன்றையும் தனித்தனியே பார்க்கத் தூண்டும், இம்முறை எழுப்பும் கேள்விகள் பயனுள்ளவை. வாய் திறக்காத பிள்ளை நன்றாக யோசிக்கக்கூடும் என்பதை அவை நினைவூட்டுகின்றன. பெற்றோரே, ஆசிரியர்களே, அக்கேள்விகளுக்கு விடையைப் பிள்ளையிடமே கேளுங்கள். “புதன் நீசம், கணக்கு வராது” என்று மட்டும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லிவிடாதீர்கள்.