டியூஷன் மிஸ் ஊரை விட்டுப் போகும்போது

2018 ஜூன் மாதம் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசுப் பள்ளியில் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். பகவான் என்ற ஆங்கில ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். போக விடாமல் பிள்ளைகள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். மாறுதல் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் பிள்ளைகளின் பாசத்தைப் பேசினார்கள். பாசத்துக்கு அடியில் இருந்த ஏற்பாட்டை யாரும் பேசவில்லை. அவர் போயிருந்தாலும் வருகைப் பதிவேடும் மதிப்பெண் பதிவேடும் பள்ளியிலேயே இருந்திருக்கும். நடத்தி முடித்த பாடம் எதுவரை என்று தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்கும். அழுகை ஒரு பக்கம் இருக்க, படிப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு பள்ளி இருந்தது.

தம்மம்பட்டியில் வீட்டு முன்னறையில் பாய் விரித்து மாலையில் டியூஷன் எடுக்கும் ஒருவருக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. பெரும்பாலும் பி.எட். முடித்த பெண்கள்தான் எடுக்கிறார்கள். கல்யாணம் ஆகும், அல்லது கணவருக்கு ஓசூரிலோ கோவையிலோ வேலை கிடைக்கும். டியூஷன் அன்றோடு முடிந்துவிடும். எந்தப் பிள்ளைக்கு எது வரும், எது வராது என்பதெல்லாம் அவர் மனதில்தான் இருக்கிறது. அவரோடு சேர்ந்து அதுவும் பஸ் ஏறிவிடும். அதனால் டியூஷன் மிஸ்ஸின் வழியனுப்பு, பள்ளி ஆசிரியரின் வழியனுப்பு செய்யாத ஒரு வேலையையும் சேர்த்துச் செய்தாக வேண்டும். இப்போது நம் ஊர்களில் நடக்கிற முறையை இந்த அளவுகோலில்தான் பார்க்கிறேன்.

நடக்கிற முறை தெரிந்ததுதான். முதலில் பெற்றோர் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். கடைசி நாள் மாலை லட்டு, மிக்சர், ஒரு குழுப் படம். பிள்ளைகள் காசு சேர்த்து ஒரு பரிசு வாங்குவார்கள். மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் தம்மம்பட்டி. சிற்ப வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளை கூட்டத்தில் இருந்தால் வீட்டிலிருந்தே ஒரு சின்னப் பிள்ளையார் வந்துவிடும். மிஸ் நாலு வார்த்தை பேசுவார், அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இதைத் தேவையில்லாத சடங்கு என்று நான் தள்ள மாட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டுப் போகிற டியூஷன்களும் உண்டு. அப்படி விடப்பட்ட பிள்ளை, தான் சரியாகப் படிக்காததால்தான் மிஸ் போய்விட்டார் என்று நினைத்துக்கொள்ளும். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த எண்ணம் சட்டென்று வரும். எல்லோரும் கூடியிருக்கும்போது காரணத்தை மிஸ் தன் வாயால் சொல்வது அந்தப் பாரத்தை இறக்கிவைக்கிறது. சம்பளப் பட்டியலிலும் பதவிப் பெயரிலும் இடம் இல்லாத ஒரு வேலைக்கு ஊர் காட்டும் ஒரே மரியாதையும் அந்த மாலைதான்.

ஆனால் அதே மாலையில்தான் பிழையும் நடக்கிறது. எல்லார் முன்னாலும் மிஸ் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு வாக்கியம் சொல்வார். “இவ நல்லா படிப்பாங்க, இவன் மட்டும் கணக்குல கொஞ்சம் வீக்குங்க, பாத்துக்குங்க.” அந்தப் பையனுக்கு அது பலர் முன்னால் கிடைத்த குட்டு. அவன் அம்மாவுக்கு அதில் பயன்படும் தகவல் ஒன்றுமே இல்லை. கணக்கில் வீக் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். அதனால்தான் டியூஷனுக்கே அனுப்பினார்.

அந்தத் தாய்க்கு என்ன தெரிய வேண்டும்? பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். கணக்குத் தேர்வின் 100 மதிப்பெண்ணில் செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. தேர்ச்சிக்கு 35 போதும் என்பதால், தடுமாறும் பிள்ளைகளை மிஸ்கள் முதலில் பழக்குவது இந்த இரண்டு கேள்விகளைத்தான். இவனுக்கு ஒரு முக்கோணம் வரைய வேண்டும்: அடிப்பக்கம் PQ = 8 செ.மீ., உச்சிக்கோணம் 60°. PQ-வை வரைகிறான். P-யில் கீழ்ப்பக்கமாக 60° அளந்து PE என்ற கோட்டை இழுக்கிறான். அடுத்து PE-க்குச் செங்குத்தாக PF வர வேண்டும். இவன் 90°-ஐ PE-யிலிருந்து அளக்காமல் PQ-விலிருந்து அளந்துவிடுகிறான். PF நட்டுக்குத்தாக மேலே போகிறது. PQ-வின் மையக்குத்துக்கோடும் நட்டுக்குத்தாகத்தான் நிற்கும். இரண்டும் இணைகோடுகள், எங்கும் சந்திக்காது, வட்ட மையம் கிடைக்காது. பையன் பயந்து, கண் அளவில் ஒரு புள்ளியை வைத்து வட்டம் போட்டுவிடுகிறான். நோட்டில் அந்த இடத்தில் காம்பஸ் முனை இரண்டு மூன்று முறை குத்திய ஓட்டை இருக்கும், ரப்பர் தேய்த்த அழுக்கு இருக்கும்.

இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மிஸ்ஸுக்கு அந்த ஓட்டையைக் கண்டதுமே காரணம் தெரியும். புதிதாக வருபவர் வடிவியலே தெரியவில்லை என்று முதலிலிருந்து தொடங்குவார். ஒரு மாதம் போய்விடும். “90°-ஐ PE-யிலிருந்து அளக்கச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அவனே வரைவான்” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அந்த மாதம் மிஞ்சும். பிள்ளைக்கு ஒரு பக்கம் போதும்: முடித்த பாடம், முடிக்காத பாடம், திரும்பத் திரும்ப வரும் இரண்டு தவறு, எப்படிச் சொன்னால் அவனுக்குப் புரிகிறது. அதைப் பெற்றோர் கையில் தனியாகக் கொடுக்க வேண்டும். இருபது பிள்ளைகளுக்கு இப்படி எழுத இரண்டு வாரமாவது ஆகும். அதனால்தான் கடைசி நாளுக்கு முந்தின வாரம் செய்தி சொல்வது போதாது என்கிறேன். முடிந்தால் காலாண்டு அல்லது அரையாண்டுத் தேர்வோடு விடைபெறுவது நல்லது. அந்த விடைத்தாள்களை வைத்தே இந்தப் பக்கத்தை எழுதிவிடலாம். திருப்புதல் தேர்வுகள் நடக்கும் ஜனவரி, பிப்ரவரியில் பத்தாம் வகுப்பைப் பாதியில் விடுவதுதான் இருப்பதிலேயே மோசம்.

பிரிவின் கனம் தாங்காமல் பலர் அந்த மாலையிலேயே ஒரு வாக்குக் கொடுக்கிறார்கள்: “போன்ல எடுக்கிறேன், கவலைப்படாதீங்க.” அன்பில் வரும் வாக்குத்தான். ஆங்கில இலக்கணத்துக்கும் சமூக அறிவியலுக்கும் அது ஓரளவு நடக்கவும் செய்யும். மேலே சொன்ன முக்கோணத்துக்கு நடக்காது. முடிந்த படத்தை எடுத்து அனுப்பினால் கோடுதான் தெரியும். கோணமானியின் அடிக்கோடு எந்தக் கோட்டின் மேல் இருந்தது என்பது தெரியாது. புது ஊரில் வீடு பிடித்து நிலைகொள்வதற்குள் அழைப்புகள் குறைந்துவிடும். அந்த வாக்கை நம்பி வேறு இடம் தேடாமல் இருந்த வீட்டுப் பிள்ளைதான் நடுவில் மாட்டிக்கொள்ளும். போனில் எடுப்பதென்றால் எந்தப் பாடம், எந்த மாதம் வரை என்று சொல்லிவிட வேண்டும். முடியாதென்றால் அதைச் சொல்ல வேண்டும்.

இடம் தேடும் பெற்றோர் பள்ளியில் எடுக்கிற சாரிடமே விட்டுவிடலாமா என்று கேட்பதுண்டு. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு பள்ளி ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. ஆகவே மிஸ் கைகாட்ட வேண்டியது தன்னைப் போலவே வீட்டில் எடுக்கும் இன்னொருவரை. அதற்கு அவரைப் போட்டியாளராகப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும். போவதற்கு முன் ஒரு வாரம் இருவரும் சேர்ந்து வகுப்பு எடுத்தால் பிள்ளைகள் பழகிவிடுவார்கள்.

கடைசியாகப் பணம். குச்சிக்கிழங்கு வெட்டி மில்லுக்குப் போட்டபின் தருகிறேன் என்று சொல்லும் வீடுகள் இங்கே உண்டு. மூன்று மாத ஃபீஸ் சேர்ந்து நிற்கும். மாதத் தொடக்கத்திலேயே கட்டிவிட்டு, பாதி மாதத்தில் டியூஷன் நின்றுபோகும் வீடுகளும் உண்டு. பரிசு கொடுக்கும் மாலையில் இந்த இரண்டையும் யாரும் வாயெடுத்துப் பேச முடியாது. மிஸ் பாக்கியை விட்டுவிடுவார், பெற்றோர் கொடுத்ததைக் கேட்க மாட்டார்கள், பிற்பாடு இரண்டு பக்கமும் மனக்கசப்பு இருக்கும். ஆகவே செய்தி சொல்லும் அன்றே ஒவ்வொரு வீட்டுக் கணக்கையும் தனித்தனியாக அனுப்பிவிடலாம்: இவ்வளவு வர வேண்டும், இவ்வளவு திருப்பித் தருவேன், அறுவடைக்குப் பிறகு தருபவர்கள் இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்று.