தனியாக நிற்கும் ஓர் அரைப்புள்ளி

சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடம் இருக்கிற தெருவில் நடந்தால், தறியைப் பார்க்கும் முன்னே அது நிமிடத்துக்கு எத்தனை அடி அடிக்கிறது என்று காதே சொல்லிவிடும். நான் போன கூடத்தில் 150. ஊடை ஒருமுறை பாவுக்குள் பாய்ந்து வர 400 மில்லிநொடி. அந்த ஒரு பாய்ச்சலை அங்கே எல்லோரும் 'பிக்' என்பார்கள். தறிக்கு ஒரு சின்னப் பெட்டி மாட்டி, பிக்கை எண்ணி, நெய்த நீளத்தை மீட்டரில் காட்ட வேண்டும். இதுதான் எனக்கு வந்த வேலை. அங்குலத்துக்கு 60 பிக் என்றால், மீட்டருக்கு ஏறத்தாழ 2362. வகுத்தால் நீளம் வந்துவிடும்.

பெட்டிக்குள் இருந்தது ஏடிமெகா328பி சில்லு. நிரலுக்கு 32 கேபி, நினைவகம் 2 கேபி, ஓட்டம் நொடிக்கு ஒன்றரைக் கோடித் துடிப்புக்குச் சற்று அதிகமாக, 16 மெகாஹெர்ட்ஸ். தறியின் சக்கரத்தில் ஒரு காந்தம், பக்கத்துச் சட்டத்தில் ஒரு ரீட் சுவிட்ச். காந்தம் கடக்கும்போது சுவிட்ச் சுமார் 12 மில்லிநொடி மூடியிருக்கும். எண்ணும் பகுதி இவ்வளவுதான்:

```c
if (now && !prev) {
    n++;
    printf("pick=%u t=%lu\n", n, ms());
}
prev = now;
```

அந்த printf வரி வேலைக்கு அல்ல, எனக்கு. சீரியல் போர்ட்டில் வயரைச் சொருகி, மடிக்கணினித் திரையில் ஒவ்வொரு பிக்கும் ஒரு வரியாக விழுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. பேச வாயில்லாத சில்லு பேசுகிறது. அரை நாள் ஓட்டினேன், எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகவில்லை. வரியை எடுத்துவிட்டு, இறுதி நிரலை ஏற்றி, ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் கூடத்து அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, நீங்க பக்கத்துல இருந்தா ஒழுங்கா எண்ணுது. நீங்க பஸ் ஏறுனதும் இஷ்டத்துக்கு எண்ணுதே. மடிச்சு அளந்தா 22 மீட்டரு, பொட்டி ரொம்பக் கூட்டிக் காட்டுது. கூலி எதை வச்சுக் குடுக்க?"

திரும்பிப் போனேன். என்ன நடக்கிறது என்று பார்க்க அதே printf வரியை மறுபடி போட்டேன். எண்ணிக்கை சரியாகிவிட்டது. எடுத்தேன், கெட்டது. வயரைப் பிடுங்கிவிட்டு, வரியை மட்டும் விட்டுவைத்தேன். அப்போதும் சரியாக எண்ணியது. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சில்லு பேசிக்கொண்டுதான் இருக்கிறது, பேசும் நேரமும் குறைவதில்லை. அப்புறம் ஒரு யோசனையில் வேகத்தை 9600-இலிருந்து 115200-க்கு ஏற்றினேன். 22 மீட்டர் துணிக்கு 25 காட்டியது. அந்த 25-தான் குட்டை உடைத்தது. வரி இருக்கிறதா இல்லையா என்பது அல்ல விஷயம், அந்த வரி எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதே விஷயம்.

நேரம் எங்கே போகிறது என்பதற்கு printf-ஐ சீரியல் போர்ட்டோடு கோக்கும் சிறு சார்பைப் பார்க்க வேண்டும். ஏவிஆர் சில்லுகளில் printf-க்குத் திரை எது என்று தெரியாது. ஒரு எழுத்தை வெளியே தள்ளும் வழியை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்:

```c
static int uart_putc(char c, FILE *f)
{
    if (c == '\n') uart_putc('\r', f);
    while (!(UCSR0A & (1 << UDRE0)))
        ;
    UDR0 = c;
    return 0;
}
```

இந்தச் சார்பில் எனக்குப் பிடித்தது, ஒரு வரி முழுக்கத் தனக்கென்று வைத்துக்கொண்டு நிற்கும் அந்த அரைப்புள்ளி. எந்த வேலையும் செய்யாத வரி, நேரத்தை மொத்தமாகத் தின்பதும் அதுதான். முந்தைய எழுத்து வெளியேறும்வரை சில்லு அங்கே கைகட்டி நிற்கிறது.

9600 வேகத்தில் ஒரு எழுத்துக்குத் தொடக்க பிட், எட்டுத் தரவு பிட், முடிவு பிட் என்று பத்து பிட். ஆக எழுத்துக்கு 1.04 மில்லிநொடி. `pick=1234 t=493600` என்ற வரியில் கடைசி இரண்டு கட்டுப்பாட்டு எழுத்துகளையும் சேர்த்து இருபது. கம்பியில் அது 20.8 மில்லிநொடி ஓடும். ஆனால் சில்லு காத்து நிற்பது அவ்வளவும் அல்ல. முதல் எழுத்து நேரே வெளியேற்றும் பதிவகத்துக்குள் இறங்கிவிடும், இரண்டாவது அதன் பின்னால் தாங்கியில் உட்கார்ந்துவிடும். மூன்றாவதிலிருந்துதான் வரிசை நிற்கிறது. கணக்குப் பார்த்தால் பதினெட்டு எழுத்து நேரம், 18.75 மில்லிநொடி.

இனி ரீட் சுவிட்சுக்கு வருவோம். உள்ளே இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். மூடும்போது ஒட்டி, துள்ளி, மறுபடி ஒட்டும். அதிர்கிற தறியில், காந்தம் விலகும் ஓரத்திலும் அது தயங்கித் தயங்கித் திறக்கும். நம் கண்ணுக்கு ஒரு மூடல், சில மைக்ரோநொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் சில்லுக்கு அது பல மூடல். printf இல்லாத நிரல் அத்தனையையும் நேர்மையாக எண்ணியது. printf இருந்தபோது, முதல் துள்ளலில் உள்ளே போன சில்லு 18.75 மில்லிநொடி கழித்து வெளியே வந்து பார்த்தால், 12 மில்லிநொடிக் கூத்து முழுக்க முடிந்து சுவிட்ச் திறந்து கிடக்கும். 115200-இல் அதே காத்திருப்பு ஒன்றரை மில்லிநொடிதான். மூடும்போது வரும் துள்ளல் மறைந்தது, திறக்கும்போது வரும் தயக்கம் அங்கங்கே தப்பி வந்து எண்ணிக்கையில் ஏறியது.

இதில் இன்னொரு நுணுக்கத்தை நான் பிறகுதான் ரசித்தேன். வரியின் நீளம் எண்ணின் இலக்கங்களைப் பொறுத்தது. தறி ஓடத் தொடங்கிய முதல் பிக்கில் `pick=1 t=400`, பதினான்கே எழுத்து, 12.5 மில்லிநொடிக் காத்திருப்பு. பன்னிரண்டு மில்லிநொடிக் கூத்தை மயிரிழையில் மூடியிருக்கிறது. சுவிட்ச் இன்னும் கொஞ்சம் நீளமாக மூடியிருந்தால், தொடக்கத்தில் பிசகி, போகப் போகத் தானே திருந்திக்கொள்ளும் பெட்டி ஒன்று எனக்கு வாய்த்திருக்கும். பேய் ஓட்டுகிறவரைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

இதைச் சொல்லாமல் கண்ணால் காட்டுவது எளிது. சும்மா கிடந்த ஒரு பின்னை printf-க்கு முன்னால் உயர்த்தி, பின்னால் இறக்கினேன். அதற்கு இந்தச் சில்லில் `sbi`, `cbi` என்று ஆளுக்கு இரண்டு துடிப்பு, 125 நானோநொடி. கையடக்க லாஜிக் அனலைசரில் ஒரு கம்பி அந்தப் பின்னுக்கு, இன்னொன்று ரீட் சுவிட்சுக்கு. மேலே அகலமான ஒரு மேடை, அதன் அடியில் முள்முள்ளாகச் சுவிட்சின் துடிப்புகள், அத்தனையும் மேடையின் நிழலுக்குள். எதுவுமே எழுத்தில் வரவில்லை, எல்லாம் தெரிந்தது. பின்னை அசைப்பதும் நேரம் எடுக்கும் செயல்தான். ஆனால் printf எடுத்ததில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இட விஷயமும் உண்டு. வெறும் `printf("hello\n")` எழுதி அளந்து பார்க்கிறவர் ஏமாந்து போவார். ஜிசிசி அதைச் சத்தமில்லாமல் `puts` ஆக்கிவிடும், நிரல் அதிகம் பெருக்காது. முதல் `%u` போட்டதும்தான் `avr-size` உண்மையைச் சொல்லும், சுமார் ஒன்றரை கேபி ஏறியிருக்கும். ஏன் இவ்வளவு? அந்தச் சதவீதக் குறிகளை printf படிப்பது நிரல் ஓடும்போது. எது வரும், எது வராது என்று தொகுக்கும்போது தெரியாததால் பதினாறடிமானம், இடப்பக்க ஒதுக்கம், பூச்சிய நிரப்பல் என்று எல்லாச் சீரும் சேர்ந்து வந்து இறங்கும். ஒரு `%u` கேட்டவருக்கு முழு விருந்து. 32 கேபியில் இது பொறுத்துக்கொள்ளக் கூடியது. ஏடிடைனி13 மாதிரி மொத்தமே 1 கேபி உள்ள சில்லில் இலை போடவே இடமில்லை, எண்ணை எழுத்தாக்கும் சிறு சார்பைக் கையால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏவிஆர்-லிப்சி இந்த விருந்தை மூன்று அளவில் வைத்திருக்கிறது, அது எனக்குப் பிடித்த பண்பு. நடுவில் இருப்பதுதான் வழக்கமானது. அதில் தசம எண் கிடையாது, `%f` போட்டால் திரையில் ஒரு கேள்விக்குறி விழும். பார்த்துப் பயந்தவர்கள் பலர். தசமம் வேண்டுமென்றால் `-Wl,-u,vfprintf -lprintf_flt -lm` என்று கேட்டு வாங்க வேண்டும், அதற்கு மேலும் ஒன்றரை கேபி போல ஆகும். நான் மீட்டரைத் தசமமாக அச்சிடுவதில்லை, சென்டிமீட்டரை முழு எண்ணாக அச்சிட்டுவிடுவேன். இன்னொரு கசிவு நினைவகத்தில். `"pick=%u t=%lu\n"` என்ற பதினைந்து பைட், நிரல் பகுதியிலும் இருந்துகொண்டு 2 கேபி நினைவகத்திலும் ஒரு படியாக உட்கார்ந்துகொள்ளும். `printf_P(PSTR("..."))` என்று எழுதினால் அந்த இரண்டாம் படி போய்விடும்.

காத்திருப்பைத் தவிர்க்க வழக்கமான வழி ஒரு வட்டத் தாங்கி. எழுத்துகளை 64 பைட் தொட்டியில் போட்டுவிட்டு நிரல் தன் வேலையைப் பார்க்கும், சீரியல் போர்ட் காலியாகும்போது இடைமறிப்பு வந்து ஒவ்வொன்றாக எடுத்துச் செல்லும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் இருபது எழுத்து வரி மூன்றே அதில் அடங்கும். நிறைந்துவிட்டால் காத்திருப்பதா, கீழே கொட்டுவதா? நான் கொட்டுவேன், கொட்டியது எத்தனை என்று எண்ணி வைப்பேன். காத்திருக்கச் சொல்லி எழுதிவிட்டு, அதையே இடைமறிப்புக்குள்ளிருந்து அழைத்தவர்கள் ஒரு விசித்திரம் பார்த்திருப்பார்கள். உள்ளே இருக்கும்வரை மற்ற இடைமறிப்பு எதுவும் வராது, தொட்டி காலியாகாது, சில்லு அந்த அரைப்புள்ளியில் நின்றது நின்றபடி.

அண்ணாச்சி பெட்டிக்குத் தீர்வு சின்னது. ஒரு மூடலைக் கண்டபின் 100 மில்லிநொடிக்குச் சுவிட்சை நம்பாதே என்று எழுதினேன். பிக்குக்குப் பிக் 400 இருப்பதால் ஒன்றும் தவறாது. printf தன்னையறியாமல் செய்துவந்த வேலையை ஒரு டைமருக்கு மாற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான். மடிப்பு அளவும் பெட்டியும் மறுநாள் ஒத்துப்போயின.

ஆனாலும் அந்த வரியை முழுக்க எடுக்க மனம் வரவில்லை. நம்பாமல் ஒதுக்கிய துள்ளல்கள் எத்தனை என்று, மணிக்கு ஒரே ஒரு வரி அனுப்பும்படி விட்டுவைத்தேன். மாதங்கள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன் வயரைச் சொருகி உட்கார்ந்தேன். அடுத்த வரி விழ முக்கால் மணி நேரம் ஆனது, அதற்குள் இரண்டு டீ. துள்ளல் எண்ணிக்கை பழையதைவிடப் பல மடங்கு. தறியை நிறுத்தச் சொல்லிக் கையை விட்டுப் பார்த்தால், ரீட் சுவிட்சைப் பிடித்திருந்த தகடு ஆடியது. ஒரு திருகு கழன்று தரையில், பஞ்சுத் தூசிக்குள் கிடந்தது.