மூன்றா, எட்டா?

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றி மருத்துவமனைகளும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களும் இருக்கின்றன. அவற்றை நம்பியே ஜெராக்ஸ் கடைகளும் பிழைக்கின்றன. ஏற்காடு, ஓமலூர், நாமக்கல் பக்கமிருந்து வருகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டுகளை பிளாஸ்டிக் கவரில் அடுக்கி எடுத்து வருவார்கள். வேலூருக்கோ கோவைக்கோ பெரிய டாக்டரைப் பார்க்கக் கிளம்பும்முன், மங்கிப்போன தாளைக் கடையில் நீட்டி, "இதைத் தெளிவா எடுத்துக் குடுங்க தம்பி" என்பார்கள். கடைக்காரர் ஸ்கேன் செய்து, ஓ.சி.ஆர். மென்பொருளில் ஓட்டி, சிதைந்து வந்த எழுத்தையும் எண்ணையும் கையால் சரிசெய்து, புதிதாக அச்செடுத்துத் தருகிறார். பார்க்க நன்றாக இருக்கிறது. அந்த 'நன்றாக இருப்பது' எப்போது உதவுகிறது, எப்போது கெடுக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் இந்த வேலையின் பலம். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் பல எண்கள் ஒன்றோடொன்று கணக்கால் கட்டுண்டவை. ஒன்று சிதைந்தால் மற்றவை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்த பழைய தாள் ஒன்று, ஓ.சி.ஆர். முடிந்து இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
Hb     112   gm%
RBC    4.2   mill/cumm
PCV    38.6  %
MCV    80.0  fl
MCH    26.7  pg
MCHC   33.3  %
Widal  TO 1:180
```

ஹீமோகுளோபின் 112 இருக்க வழியில்லை. புள்ளி விழுந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் அது 11.2தானா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, சரிபார்க்கலாம். எம்.சி.எச். என்பது ஹீமோகுளோபினைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பத்தால் பெருக்கியது. 26.7ஐ 4.2ஆல் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 11.2 வருகிறது. புள்ளி இருந்த இடம் உறுதி.

அடுத்தது பி.சி.வி. வரி. 38.6 என்பது பார்வைக்குப் பிழையே இல்லை. சாதாரண ஆளுக்கு இருக்கக்கூடிய அளவுதான், மென்பொருளும் தயக்கமில்லாமல் படித்திருக்கும். ஆனால் எம்.சி.வி. 80.0 என்று பக்கத்தில் இருக்கிறது. பி.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் அது கிடைக்க வேண்டும், 38.6 என்றால் 91.9 அல்லவா வருகிறது? திருப்பிக் கணக்கிட்டால் 33.6. இன்னொரு வழியும் இருக்கிறது. ஹீமோகுளோபினை பி.சி.வி.யால் வகுத்து நூறால் பெருக்கியது எம்.சி.எச்.சி.; அதன்படியும் 33.6தான். இரண்டு தனித்தனி வழிகள் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. கண்ணாடி போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தால், 3இன் திறந்த பக்கம் அடைபட்டு 8 ஆகியிருப்பது தெரியும். மங்கல் போக வேண்டும் என்று ஸ்கேன் படத்தின் கறுப்பை ஏற்றும்போது நடக்கிற விபத்து இது. தெளிவாக்கப் போய் வந்த பிழை. அதனால்தான் 300 டி.பி.ஐ.க்குக் குறையாமல், கறுப்பு வெள்ளையாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்து, அந்த மூலப்படத்தில் கைவைக்காமல் தனியே வைக்கச் சொல்கிறார்கள்.

இதுவரை எல்லாம் நல்லதே. கணக்கு கைவிடும் இடத்தில்தான் சிக்கல். கடைசி வரியிலுள்ள டைபாய்டு பரிசோதனையைப் பாருங்கள். வைடால் பரிசோதனையில் ரத்த நீரை இரட்டிப்பு இரட்டிப்பாக நீர்க்கச் செய்வார்கள்: 1:20, 1:40, 1:80, 1:160, 1:320. அந்த வரிசையில் 1:180 என்று ஒன்று கிடையாது. பிழை என்பது உறுதி. சரியானது எது என்பதுதான் தெரியவில்லை. 1:80க்கு முன்னால் ஒரு அழுக்குக் கோடு ஒன்றாக மாறியிருக்கலாம், 1:160இல் 6 எட்டாகியிருக்கலாம். நம்மூரில் 1:80ஐப் பல டாக்டர்கள் பொருட்படுத்த மாட்டார்கள், 1:160 என்றால் யோசிப்பார்கள். இங்கே ஒன்றைத் தேர்ந்து அச்சடிப்பது திருத்தம் ஆகாது. டாக்டர் செய்ய வேண்டிய முடிவை டைப் அடிப்பவர் செய்ததாகிவிடும்.

கிரியேட்டினின் இன்னும் மோசம். 1.3ஆ 1.8ஆ என்று சொல்ல அறிக்கையில் வேறு எந்த எண்ணும் துணைக்கு வராது. இந்த இடத்தில் பலர் நம்புவது பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவை. '0.6 முதல் 1.2 வரை' என்றிருப்பதால், அதற்குக் கிட்டத்தில் இருக்கும் 1.3ஐப் போட்டுவிடுகிறார்கள். புள்ளி எங்கே என்று ஊகிக்க இயல்பு அளவு உதவும். எந்த இலக்கம் என்று தீர்மானிக்க உதவாது. நோயாளியின் எண் இயல்பிலிருந்து விலகியதால்தானே அந்தத் தாளைப் பத்திரப்படுத்தினார்! இயல்பை நோக்கித் திருத்துவது, அறிக்கையில் இருந்த ஒரே செய்தியை அழிக்கிற வேலை.

சொற்களில் பயம் குறைவு. `hepatornegaly` என்று வந்தால் ஆர்-என் இரண்டும் ஒட்டிய எம் என்பது புரியும். கல்லீரல் வீக்கம், வேறு சொல் எதுவும் அங்கே பொருந்தாது, தைரியமாகத் திருத்தலாம். ஆனால் `afebrile` என்பது காய்ச்சல் இல்லை என்று பொருள். நடுவில் ஓர் இடைவெளி விழுந்து `a febrile` ஆனால் காய்ச்சல் உண்டு என்றாகிவிடும், ஸ்பெல்செக் வாயைத் திறக்காது. `ileum` சிறுகுடலின் கடைப்பகுதி, `ilium` இடுப்பெலும்பு. இரண்டும் அகராதியில் உள்ளவை. அகராதியில் இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லை விட்டுவைப்பதும், இல்லை என்பதற்காக மாற்றுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம்.

எழுத்தறியும் மென்பொருள்தான் பிழை செய்யும், படமாகவே வைத்துக்கொண்டால் கவலையில்லை என்று நினைக்கவும் முடியாது. 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்பவர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போதே எண்களை மாற்றுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் 14.13, 21.11, 17.42 என்று இருந்த மூன்று அறைகளின் பரப்பும் நகலில் 14.13 ஆகியிருந்தன. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, ஒன்றுபோல் தெரியும் துண்டுகளுக்கு ஒரே படத்தை மறுபடி மறுபடி ஒட்டிய சுருக்க முறைதான் காரணம். எழுத்துகள் கலங்கலாக இல்லை. பளிச்சென்று தவறாக இருந்தன. நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது.

பரிசோதனைக் கூடத்துக்கே போய்க் கேட்டால் என்ன? கேட்கலாம். ஆனால் 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகள்கூட உள்நோயாளிகளின் பதிவேடுகளை மூன்று ஆண்டு வைத்திருக்கத்தான் சொல்கின்றன. பத்து, பதினைந்து ஆண்டுப் பழைய தாள் என்றால், அந்தத் தாள் மட்டுமே சாட்சி. (அதைக் காப்பாற்றுவதாக நினைத்து லேமினேஷன் செய்பவர்கள் உண்டு. ஈ.சி.ஜி. போன்ற வெப்பத்தாள் அந்தச் சூட்டில் கறுத்தே போய்விடும்.)

கணக்குப் பார்த்துச் சேர்த்த எண்ணையும் மௌனமாகப் போடக்கூடாது என்பேன். பழைய கூடங்களில் எம்.சி.வி., எம்.சி.எச்.சி.யைக் கையால் வகுத்து எழுதியதும் உண்டு. கணக்கு ஒத்துவராததற்குக் காரணம் ஸ்கேன் இல்லாமல், அன்றைய டெக்னீஷியனின் வகுத்தல் பிழையாகவும் இருக்கலாம். தாளில் 8 என்றே தெளிவாக அச்சாகியிருந்தால், எத்தனை கணக்கு எதிர்த்தாலும் 8ஐ விட்டுவிட்டு ஓரத்தில் குறிப்பு எழுதுவதே முறை. மை மங்கிய இடத்தில் மட்டும் கணக்குக்கு இடம் உண்டு.

ஆகவே கடைக்காரர் தர வேண்டியது, லெட்டர்பேடோடு புது ரிப்போர்ட் போலத் தோன்றும் தாள் அல்ல. அப்படித் தந்தால் போலி ரிப்போர்ட் என்ற பேச்சும் எழலாம். இடப்பக்கம் ஸ்கேன் படத்தின் அந்தந்த வரியும் வலப்பக்கம் தட்டச்சு வரியும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கட்டும். கணக்கால் மீட்ட 33.6க்குக் கீழே கோடு, 1:180 அப்படியே, அதன் பக்கத்தில் '1:80 அல்லது 1:160, தாளைப் பார்க்கவும்' என்ற குறிப்பு. கிரியேட்டினின் இடத்தில் '1.?' என்று எழுதினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்; காசு கொடுத்தும் கேள்விக்குறியா என்பார். கேட்பது நியாயம்தான். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மூலத்தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார், அப்படியும் தெரியாவிட்டால் புதிதாக ரத்தம் எடுக்கச் சொல்வார். 1.3 என்று சுத்தமாக அச்சடித்திருந்தால் அந்த இரண்டையும் அவர் செய்திருக்க மாட்டார்.